சட்டமும் நம் குடும்பமும்: ஒரு தாளில் இருவர் எழுதும் மரண சாசனமும் இரு தாள்களில் எழுதுவதும்



பெண்மக்கள் மட்டுமே உள்ள வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. "நாம் இருவரும் சேர்ந்து ஒரு மரண சாசனம் எழுதி வைத்துவிடுவோம். யார் முந்தினாலும் மற்றவருக்குக் கஷ்டம் வராது, பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்" என்று கணவர் சொல்வார். மனைவியும் தலையாட்டிவிட்டு, நொத்தாரிசு காட்டும் இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வருவார். அந்தக் கையொப்பத்தோடு தன்னுடைய சொந்த வீடும் அவரது கையை விட்டுப் போகக்கூடும் என்பதை அநேகமாக ஒருவரும் அவருக்குச் சொல்வதில்லை. ஆகவே இம்மாதம், கணவனும் மனைவியும் ஒரே தாளில் எழுதும் கூட்டு மரண சாசனத்தையும், ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இரு தனித்தனி மரண சாசனங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விளங்குவதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வாப்பாவின் பெயரில் கடைத்தெருவில் ஒரு கட்டடம் இருக்கிறது. அதன் பெறுமதி 240 இலட்சம் ரூபா. கீழ்த்தளத்தில் வாடகை வருகிறது. குடியிருக்கும் வீடு உம்மாவின் பெயரில் உள்ளது. அவருடைய தாயார் கல்யாணத்தின்போது உறுதி எழுதிக் கொடுத்த வீடு அது. பெறுமதி 120 இலட்சம். இரண்டு பெண்மக்கள். மூத்தவள் கல்யாணமாகிவிட்டாள், இளையவள் படிக்கிறாள். வாப்பாவுக்கு ஒரு தம்பி, அதாவது பிள்ளைகளின் சாச்சா. உம்மாவுக்கும் கூடப்பிறந்தவர் ஒருவர், பிள்ளைகளின் மாமா.

ஒன்றுமே எழுதாமல் வாப்பா மௌத்தானால் என்ன நடக்கும்? 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரண சாசனம் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே பிரியும். கடன்களும் மஹர் பாக்கியும் ஜனாஸாச் செலவும் கழிந்த பின்பு, மனைவிக்கு எட்டில் ஒன்றாக 30 இலட்சம். இரு பெண்மக்களுக்கும் மூன்றில் இரண்டாக 160 இலட்சம், ஆளுக்கு 80. எஞ்சும் 50 இலட்சம் அஸபா என்ற வகையில் சாச்சாவுக்கு. உம்மாவின் வீட்டில் ஒருவருக்கும் பங்கில்லை. அது அவர் உயிரோடிருக்கும் வரை அவருடையதே. நம் சட்டத்தில் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் கல்யாணத்தினால் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது கூட்டு மரண சாசனத்துக்கு வருவோம். தாளில் வழக்கமாக இப்படி ஒரு வசனம் இருக்கும்: "எங்களில் ஒருவர் மரணமானதும் எங்கள் இருவரினதும் சொத்துக்கள் யாவும் எங்கள் இரு பெண்மக்களுக்கும் சரிபாதியாகச் சேர வேண்டும். உயிருடன் இருப்பவர் தமது ஆயுள்வரை அவற்றையும் அவற்றின் வருமானத்தையும் அனுபவிக்கலாம்." கேட்பதற்கு நல்ல வசனம். இருவர் சொத்தையும் ஒரு குவியலாகச் சேர்த்து, அந்தக் குவியல் முழுவதற்கும் ஒரே ஒழுங்கு செய்கிறது என்பதே இதன் விசேஷம்.

இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டம் இத்தகைய தாளை எப்படிப் பார்க்கிறது என்பதை, தென்னாபிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து லண்டனிலுள்ள பிரிவுக் கவுன்சிலுக்குச் சென்ற டெனிசன் எதிர் மொஸ்டர்ட் என்ற வழக்கு 1872 இல் தெளிவாகச் சொல்லிற்று. தாள் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இருப்பவை இரண்டு மரண சாசனங்களே. இருவரும் உயிரோடிருக்கும்போது ஒவ்வொருவரும் தத்தம் பங்கை மாற்றலாம். ஒருவர் இறந்த பின்னும், உயிரோடிருப்பவர் தம் பங்கை மாற்றலாம் என்பதே பொது விதி. ஆனால் இரண்டு விடயங்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். முதலாவது, இருவர் சொத்தும் ஒன்றாகக் குவிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, உயிரோடிருப்பவர் அந்தத் தாளினால் வந்த ஏதாவது ஒரு நன்மையை ஏற்றிருக்க வேண்டும்.

நம் குடும்பத்தில் வாப்பா முந்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தா முடிகிறது. கடை வாடகைக்காரர் வழமைபோல் பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறார். உம்மா வாங்கிக்கொள்கிறார். தாளின்படி அந்த வாடகை அவருக்கு வந்த நன்மை. அதை ஏற்றுக்கொண்டால், தாளின் மற்றப் பாதியையும் அவர் ஏற்றவர் ஆகிறார். அதாவது கடைக் கட்டடத்தின் உரித்து பெண்மக்களுக்குப் போனதுபோலவே, தாயார் கொடுத்த அவருடைய சொந்த வீட்டின் உரித்தும் பெண்மக்களுக்குப் போய்விடுகிறது. அவருக்கு மிஞ்சுவது இரண்டிலும் ஆயுட்கால அனுபவம் மட்டுமே.

பெண்மக்கள்தானே, போனால் என்ன என்று கேட்கலாம். ஐந்தாறு வருடங்கள் கழித்து உம்மாவுக்குப் பெரிய வைத்தியம் ஒன்று வருகிறது. வீட்டை விற்றுப் பணம் எடுக்க நினைக்கிறார். அவரால் தனியாக விற்க முடியாது. இரு மக்களும் உறுதியில் கையொப்பமிட வேண்டும். மூத்தவளின் கணவருக்கு விருப்பமில்லாவிட்டால் காரியம் அங்கேயே நின்றுவிடும். அல்லது, கடைசிவரை பார்த்துக்கொண்டவள் இளையவள் என்பதால் வீட்டை அவளுக்குக் கொடுக்க உம்மா ஆசைப்படலாம். அதுவும் முடியாது. இன்னொரு தாள் எழுதினாலும் அது அந்த வீட்டைப் பொறுத்தமட்டில் செல்லாது.

உம்மாவுக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. நன்மையை ஏற்காமல் மறுக்கலாம். "எனக்குக் கடை வாடகை வேண்டாம், என் வீடு என்னுடையதாகவே இருக்கட்டும்" என்று சொன்னால் வீடு அவரிடமே நிற்கும். ஆனால் அதற்கு விலை உண்டு. தாளே எழுதாமல் வாப்பா போயிருந்தால் வந்திருக்கக்கூடிய 30 இலட்சம் இப்போது வராது. ஏனெனில் 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மரண சாசனக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுத இடம் கொடுக்கிறது. மனைவிக்குக் கட்டாயப் பங்கு என்று ஒன்றை அது வைக்கவில்லை. நமது நீதிமன்றங்கள் முஸ்லிம்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்றே கொண்டிருக்கின்றன. ஆகவே உம்மா ஒன்றில் தம் வீட்டின் உரித்தை இழக்க வேண்டும், அல்லது கணவர் சொத்தில் ஒன்றுமில்லாமல் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு ஆறுதல் இருக்கிறது. ஏற்பது என்பது, விளங்கிக்கொண்டு ஏற்பதாக இருக்க வேண்டும். தாளில் என்ன எழுதியிருக்கிறது, தமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமல் வாடகை வாங்கியவரை நீதிமன்றம் இலேசில் கட்டிப்போடாது. அதேபோல, குவியலாக்கும் எண்ணம் தெளிவாகத் தெரியாவிட்டால், ஒவ்வொருவரும் தத்தம் சொத்தைப் பற்றி மட்டுமே எழுதியதாகவே சட்டம் கருதும். ஆனால் இவை இரண்டும் வழக்காடிப் பெறும் ஆறுதல்கள். இத்தா முடிந்து முதல் மாத வாடகையைத் தொடுமுன் தாளை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பது அதைவிட மலிவு.

கூட்டுத் தாளை வாசிக்கும்போது இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். பழைய தாள்களில் "முதலில் மனைவிக்குச் சொந்தமாகும், அவருக்குப் பின் பிள்ளைகளுக்குச் செல்லும், இடையில் விற்கக்கூடாது" என்று எழுதுவார்கள். இப்படி உரித்தை ஒருவர் கையில் கொடுத்து அடுத்தவருக்காகக் கட்டிவைக்கும் முறையை 1972 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் ஒழித்துவிட்டது. இன்று அப்படி எழுதினால் அந்தக் கட்டு நிற்காது. உரித்தைப் பிள்ளைகளுக்கும் ஆயுட்கால அனுபவத்தை உயிரோடிருப்பவருக்கும் பிரித்து எழுதுவதே செல்லும் முறை. பழைய தாளைப் பார்த்துப் புதிய தாளைப் பிரதி பண்ணும் இடங்களில் இந்தப் பிழை நடக்கிறது.

சரி, இதெல்லாம் வேண்டாம், தனித்தனியே இரண்டு தாள் எழுதுவோம் என்று முடிவு செய்கிறார்கள் என்று கொள்வோம். வாப்பா ஒரு தாளில், "என் சொத்து யாவும் என் மனைவிக்கு, அவர் எனக்கு முந்திவிட்டால் என் பெண்மக்களுக்கு" என்று எழுதுகிறார். உம்மா தம் தாளில் அதையே கணவர் பெயர் போட்டு எழுதுகிறார். பரஸ்பர மரண சாசனம் என்பது இதுவே.

இதில் வாப்பா முந்தினால் உம்மாவுக்குத் தொல்லை இல்லை. கடை முழுவதும் அவருடையதாகும், வீடும் அவருடையதாகவே இருக்கும். விற்கலாம், கொடுக்கலாம், தாளை மாற்றலாம். அவர் கையை யாரும் பிடிக்க முடியாது.

ஆனால் உம்மா முந்தினால்? அவருடைய 120 இலட்ச வீடு முழுவதும் வாப்பாவுக்குப் போகிறது. பெண்மக்களுக்கு அப்போது ஒன்றும் இல்லை. "வாப்பாவுக்குப் பின் நமக்குத்தானே" என்ற நம்பிக்கை மட்டும்தான். வாப்பா மறுமணம் செய்கிறார், அது அவருக்கு ஆகுமான காரியம். நம் நாட்டுச் சட்டத்தில், மரண சாசனம் எழுதியவர் பின்பு கல்யாணம் செய்தால் முன்பு எழுதிய தாள் இரத்தாகிவிடும். அவர் வேறு தாள் எழுதாமல் மௌத்தானால் கடையும் வீடும் சேர்ந்து 360 இலட்சம் பிரியும். புது மனைவிக்கு எட்டில் ஒன்று, 45 இலட்சம். இரு பெண்மக்களுக்கும் 240. சாச்சாவுக்கு 75. புது மனைவிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தால், மனைவியின் 45 போக எஞ்சும் 315 இலட்சத்தில் ஆணுக்கு இரண்டு பங்கும் பெண்ணுக்கு ஒரு பங்குமாகப் பிரிந்து, பெண்மக்களுக்கு ஆளுக்கு 78 இலட்சத்து 75 ஆயிரம் வரும். அவர்களுடைய உம்மும்மா தம் மகளுக்குக் கொடுத்த வீட்டில், இரத்த உறவே இல்லாதவர்களும் பங்காளிகள் ஆவார்கள்.

உம்மா ஒரு தாளும் எழுதாமலே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். அவருடைய 120 இலட்சத்தில் கணவருக்கு நான்கில் ஒன்றாக 30, பெண்மக்களுக்கு 80, மாமாவுக்கு 10. அந்த 80 இலட்சம் அன்றே பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கும். வாப்பா எத்தனை மணம் செய்தாலும் அதில் ஒரு சதமும் குறையாது. பிள்ளைகளைக் காப்பதற்கென்று எழுதிய தாளே, பிள்ளைகளுக்கு அன்று வரவேண்டியதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

இரு தாளும் ஒரே நாளில், ஒரே நொத்தாரிசிடம், ஒரே சொற்களில் எழுதியவை, அதனால் வாப்பா கட்டுப்பட்டவர் அல்லவா என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வி இங்கிலாந்தில் குட்சைல்ட் என்ற குடும்பத்தின் வழக்கில் எழுந்தது. கணவனும் மனைவியும் ஒரே மாதிரியான தாள்களை எழுதினார்கள். மனைவி இறந்தார். கணவர் மறுமணம் செய்து, யாவற்றையும் புது மனைவிக்கு எழுதிவிட்டு இறந்தார். மகன் வழக்குப் பேசினார். தாள்கள் ஒன்றுபோல இருப்பது மாத்திரம் போதாது. இருவரும் இனி மாற்றுவதில்லை என்று உடன்பட்டிருக்க வேண்டும், அந்த உடன்பாடு தெளிவாக நிரூபிக்கப்பட வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997 இல் கூறியது. ஆங்கிலச் சட்டம் வேறு, நம்முடையது வேறு. ஆனாலும் இங்கேயும் இரு தாள்கள் ஒத்திருப்பதனால் மட்டும் அவற்றுக்கிடையே கட்டு விழுந்துவிடாது. லண்டனில் பிள்ளைகளோடு குடியேறியிருக்கும் நம் உறவினர் இதை அறிந்திருப்பது நல்லது.

ஆக, கூட்டுத் தாள் உயிரோடிருப்பவரைக் கட்டுகிறது; பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. தனித்தாள் உயிரோடிருப்பவரைச் சுதந்திரமாக விடுகிறது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை. யாருடைய சொத்து அதிகம், யார் முந்துவார் என்பதைப் பொறுத்து இரண்டுமே பெண்ணுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

நாட்டுச் சட்டத்தை இவ்வளவு பார்த்தோம். நமக்கு மேலும் ஒன்று இருக்கிறது. சட்டம் முழுச் சொத்தையும் எழுத விட்டாலும், ஷரீஅத்தில் வஸிய்யத்துக்கு எல்லை உண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்ய முடியாது. வாரிசாக உள்ளவருக்குச் செய்வதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதமும் மௌத்துக்குப் பின் கொடுக்கப்படுவதாக இருக்க வேண்டும். வயது வராத பிள்ளையின் பங்கில் அவருக்காக வேறொருவர் சம்மதிக்க முடியாது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாரிசுகள். பெண்மக்களும் வாரிசுகள். ஆகவே நாம் மேலே பார்த்த இரண்டு வகைத் தாள்களுமே, சாச்சாவின் 50 இலட்சத்தையும் மாமாவின் பங்கையும் அவர்களைக் கேளாமல் எடுத்துவிடுகின்றன. இன்னொன்று, வஸிய்யத் செய்தவர் தம் மௌத்து வரை அதை மாற்றலாம் என்பது ஷரீஅத்தின் விதி. கூட்டுத் தாளோ உயிரோடிருப்பவரிடமிருந்து அந்த உரிமையை எடுக்கிறது.

அப்படியானால் மரண சாசனமே வேண்டாமா? வேண்டும், ஆனால் தனித்தனித் தாளில், அதற்குரிய காரியத்துக்கு. வாப்பாவின் தாளில் முதலாவதாக வரவேண்டியது மனைவிக்குக் கொடுபடாத மஹர், அவரிடம் வாங்கிய கைக்கூலிப் பணம், அவருடைய நகையை விற்றுக் கடையில் போட்ட தொகை ஆகியவை. இவை பங்கு அல்ல, கடன். எல்லாப் பங்குக்கும் முன்னே கழிக்க வேண்டியவை. எழுதி வைக்காவிட்டால் நிரூபிப்பது பெண்ணுக்குப் பெரும் பாடு. அடுத்து, மூன்றில் ஒன்றுக்குள், அதாவது கடன்கள் இல்லையென்றால் 80 இலட்சத்துக்குள், வாரிசு அல்லாதவர்களுக்கு எழுதலாம். எடுத்து வளர்த்த பிள்ளை, முன்பே மௌத்தான மகளின் பிள்ளை போன்றவர்களுக்கு ஷரீஅத்தின் பங்கு வராது. அவர்களை நினைக்க இதுவே இடம். எஞ்சியது ஷரீஅத்தின்படி பிரியட்டும் என்று எழுதி, நிறைவேற்றுனர் ஒருவரின் பெயரையும் போட வேண்டும். உம்மாவும் தம் தாளில் தம் சொத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும்.

கடையில் மனைவிக்கு நிச்சயமான ஒரு பிடிமானம் வேண்டும் என்று வாப்பா நினைத்தால், சுகமாக இருக்கும்போதே ஒரு பகுதியை நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுத்துவிடுவது வேறு வழி. 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இரத்துச் செய்ய முடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்படாவிட்டால் அந்த நன்கொடை இரத்துச் செய்யத்தக்கதாகவே கொள்ளப்படும். ஆகவே அந்தச் சொல் உறுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். உறுதியையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உறுதி கைமாறுவதைச் சொத்தைக் கையளித்ததற்குச் சாட்சியாக அச்சட்டம் ஏற்கிறது.

கையொப்பம் பற்றி இரண்டு வார்த்தை. மரண சாசனம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு கையொப்பமாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். தாளினால் நன்மை பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நின்றால் அந்த நன்மை செல்லாது போகும். தனித்தனித் தாள் எழுதும்போது, "நீ என்னுடையதில் வை, நான் உன்னுடையதில் வைக்கிறேன்" என்று கணவனும் மனைவியும் சாட்சியாகிவிடுவதும், மருமகனைக் கூப்பிட்டுச் சாட்சிக்கு நிறுத்துவதும் இதனால்தான் ஆகாது.

தாளைப் பத்திரப்படுத்துவதிலும் வேறுபாடு இருக்கிறது. கூட்டுத் தாளில் முதல் மௌத்தோடு அசல் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்விடும். உயிரோடிருப்பவர் தம் சொத்தை யாருக்கு எழுதினார் என்பதும் அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். தனித்தாளில் மௌத்தானவருடையது மட்டுமே திறக்கும்.

ஏற்கனவே கூட்டுத் தாள் எழுதிவிட்டவர்கள் பயப்பட வேண்டியதில்லை. இருவரும் உயிரோடிருக்கும் வரை அதை மாற்றலாம். கிழித்துப் போட்டு விடயத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். அது இருவருக்கும் உரிய தாள், நொத்தாரிசிடமும் பிரதி இருக்கும். முன்னைய தாளை இரத்துச் செய்கிறேன் என்ற வசனத்தோடு இருவரும் தனித்தனியே புதுத் தாள் எழுதி, அதே முறைப்படி சாட்சிகளோடு கையொப்பமிடுங்கள். இன்று பெட்டியைத் திறந்து பழைய தாளை எடுத்தால், முதலில் தேடவேண்டிய சொற்கள் "எங்கள் இருவரினதும் சொத்துக்கள்" என்பவை. அவை இருந்தால், உங்கள் பெயரிலுள்ள வீட்டின் உறுதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீதியை வாசியுங்கள்.